கட்டைவிரல் அடிமூட்டில் தேய்மானம்: டம்பெல், பிடி, மெஷின் எல்லாவற்றையும் எப்படி மாற்றினீர்கள்?

திருச்சி டீச்சர்

எனக்கு 56 வயது. ஆறு வருடமாக எடைப் பயிற்சி செய்கிறேன். வலது கட்டைவிரல் மணிக்கட்டோடு சேரும் இடத்தில் தேய்மானம் என்று எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனிக் கணுவில் சின்ன முடிச்சு வந்திருக்கிறது. பயிற்சியை விட வேண்டாம், பிடிக்கும் விதத்தை மாற்றுங்கள் என்றார் டாக்டர். எப்படி மாற்றுவது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் ஜிம்முக்குப் போகிறவர் இல்லை.

எனக்கு அதிகம் வலிப்பது டம்பெல் ரோ. 15 கிலோவில் மூன்றாவது செட்டில் கட்டைவிரல் அடியில் ஊசி குத்துவது போல ஆரம்பிக்கும். அன்று இரவு சப்பாத்தி மாவு பிசைய முடியாது. முதுகுக்கும் தோளுக்கும் 15 கிலோ ஒன்றுமே இல்லை, அதனால் எடையைக் குறைக்க மனம் வரவில்லை. இதே நிலையில் இருந்தவர்கள் என்ன செய்தீர்கள்?

ஈரோடு கோச்

மேடம், தடிமன் பிடி வாங்குங்கள். டம்பெல் கைப்பிடி மேல் மாட்டும் ரப்பர் உறை. எங்கள் ஜிம்மில் விரல் வலி என்று வந்த ஒரு சாருக்கு மாட்டிக் கொடுத்தேன், ஒரே வாரத்தில் வலி போய்விட்டது. எல்லாப் பயிற்சிக்கும் அதையே போடுங்கள். பிடி பலமானால் மூட்டு வலி தானாகக் குறையும்.

சேலம் அண்ணாச்சி

அம்மா, தேய்மானம் என்றால் ஸ்குவாட்டை விட்டுவிட்டு லெக் பிரஸ்ஸுக்கு மாறுங்கள். எனக்கும் முட்டியில் அதேதான். பாதத்தை பலகையில் கொஞ்சம் மேலே வைத்தால் முட்டி அழுத்தம் குறைகிறது.

திருச்சி டீச்சர்

அண்ணாச்சி, எனக்குத் தேய்மானம் கையில், முட்டி நன்றாக இருக்கிறது. ஆனால் லெக் பிரஸ் என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. அந்த மெஷினில் எனக்குக் காலால் தள்ளுவது சுலபம். 20 கிலோ பிளேட்டை ஸ்டாண்டிலிருந்து உருவி மாட்டுவதுதான் உயிர் போகிறது. இதைக் கேட்க மறந்துவிட்டேன்.

கோச் தம்பி, தடிமன் உறையை ஒருவரிடம் இரவல் வாங்கிப் பார்த்தேன். முடிச்சு இருக்கும் விரல்களுக்கு நன்றாக இருந்தது. கட்டைவிரல் அடி மட்டும் முன்னைவிட மோசமாக வலித்தது. ஏன் என்று தெரியவில்லை.

கை சிகிச்சை அக்கா, மதுரை

கை மூட்டுச் சிகிச்சைதான் என் வேலை, வாரம் மூன்று நாள் நானும் எடை தூக்குகிறேன். டீச்சர் கடைசியில் சொன்ன வரியில்தான் விஷயம் இருக்கிறது. உங்கள் கையில் இரண்டு பிரச்சினைகள், இரண்டும் எதிர் எதிராகக் கேட்கின்றன.

முடிச்சு வந்த கணுக்களுக்கு முழுசாக மடங்குவதுதான் வலி. கைப்பிடி தடித்தால் விரல் குறைவாக மடங்கும், சுகமாக இருக்கும். கோச் பார்த்த அந்த சாருக்கு இதுதான் நடந்திருக்கும். கட்டைவிரல் அடிமூட்டு வேறு. கைப்பிடி தடிக்கத் தடிக்கக் கட்டைவிரல் அகலமாக விரிந்து, அந்த விரிந்த நிலையிலேயே அழுத்த வேண்டியிருக்கும். கட்டைவிரல் நுனியில் ஒரு கிலோ அளவுக்கு அழுத்திப் பிடித்தால் அடிமூட்டில் பன்னிரண்டு கிலோ அளவுக்கு அழுத்தம் விழுகிறது என்று பழைய ஆய்வுக் கணக்கு ஒன்று உண்டு. கடையில் கிடைக்கும் பெரிய உறை மாட்டினால் கைப்பிடியின் குறுக்களவு 5 செ.மீ.யைத் தாண்டிவிடும். அதே எடைக்கு இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். அது பிடியைப் பலப்படுத்த நினைக்கும் ஆரோக்கியமான கைக்கு ஆனது.

அதனால் நடுவில் ஒரு அளவு தேடுங்கள். ஒரு நூலைக் கைப்பிடியைச் சுற்றி அளந்து 3.14-ஆல் வகுத்தால் குறுக்களவு வந்துவிடும். 9 செ.மீ. சுற்று என்றால் கிட்டத்தட்ட 2.9 செ.மீ. குறுக்களவு, 11 என்றால் 3.5. மெலிந்த கைப்பிடியில் டென்னிஸ் மட்டைக்குச் சுற்றும் டேப்பை இரண்டு மூன்று சுற்று சுற்றிப் பாருங்கள். பிடித்திருக்கும்போது விரல் நுனி உள்ளங்கையைத் தொடவும் கூடாது, கட்டைவிரல் இழுபடவும் கூடாது. அந்த இடத்தில் நிறுத்துங்கள். ஹெக்ஸ் டம்பெல் பலவற்றில் கைப்பிடி நடுவில் புடைத்திருக்கும். சிலருக்கு அது உள்ளங்கைப் பள்ளத்தில் அழகாக உட்காரும், சிலருக்கு நடுவிரல் கணுவில் முட்டும். பிடித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

டம்பெல்லின் வடிவம் எடுக்கும்போதும் வைக்கும்போதும் உதவும். ஹெக்ஸ் தரையில் உருளாது. ஸ்டாண்டிலிருந்து ஒற்றைக் கையால் உருவாதீர்கள். இரண்டு உள்ளங்கையையும் இரு தலைகளுக்கு அடியில் கொடுத்து, குழந்தையை ஏந்துவது போல எடுத்துத் தொடையில் வையுங்கள். வீட்டில் திருகு நட்டு போட்ட டம்பெல் இருந்தால் அதை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு செட்டுக்கும் நட்டைத் திருகுவது இந்த மூட்டுக்கு டம்பெல் தூக்குவதைவிடக் கெடுதல்.

பிளேட் விஷயமும் அதேதான். கட்டைவிரலுக்கும் விரல்களுக்கும் நடுவில் கிள்ளித் தூக்குவதுதான் பன்னிரண்டு மடங்குக் கணக்கு நேரடியாக வேலை செய்யும் இடம். கைவிடும் ஓட்டை உள்ள பிளேட்டாகப் பார்த்து, நான்கு விரலை மட்டும் உள்ளே விட்டு எடுங்கள். ஓட்டை இல்லாத 20 கிலோவுக்குப் பதில் இரண்டு 10 கிலோவாக, நெஞ்சோடு அணைத்துக் கொண்டு போங்கள்.

ஈரோடு கோச்

அக்கா, கட்டைவிரலையும் மற்ற விரல்கள் பக்கமே போட்டுப் பிடித்தால்? நான் லாட் புல்டவுனில் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்கிறேன்.

கை சிகிச்சை அக்கா, மதுரை

இழுக்கும் பயிற்சிகளில் நல்லது தம்பி. புல்டவுன், மெஷின் ரோ எல்லாவற்றிலும் கை கொக்கி மாதிரி இருந்தால் போதும். செஸ்ட் பிரஸ் மெஷினிலும் சரி, அங்கே உள்ளங்கை அடியால்தான் தள்ளுகிறோம். ஆனால் படுத்துக்கொண்டு பார் தள்ளும்போதும், தலைக்கு மேல் டம்பெல் தூக்கும்போதும் வேண்டவே வேண்டாம். நழுவினால் முகத்தில் விழும். டெட்லிஃப்டில் கட்டைவிரலைப் பாருக்கும் விரல்களுக்கும் நடுவில் அமுக்கிப் பிடிக்கும் முறையையும் டீச்சர் மறந்துவிடட்டும்.

கோவை மில் தம்பி

எனக்கு 38 வயது. தேய்மானம் இல்லை, முடக்குவாதம். மெத்தோட்ரெக்ஸேட் எடுத்துக்கொள்கிறேன். காலையில் கை விரிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் நாட்களும் உண்டு. டீச்சர் நிலையும் என் நிலையும் ஒன்று இல்லை, ஆனாலும் நான் தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்தவை உதவலாம்.

முதலில் சாதாரண ஸ்ட்ராப் வாங்கினேன். ஒரு கையில் கட்டிவிட்டு அடுத்த கையில் சுற்றும்போது விரலால் இழுத்துச் சுருட்ட வேண்டும். வலி அங்கேயே ஆரம்பித்துவிடும். எட்டு வடிவ ஸ்ட்ராப்பில் சுற்றும் வேலை இல்லை. ஒரு வளையத்தில் கையை விட்டு, கைப்பிடிக்கு அடியில் கொடுத்து, மறுபடி அதே கையை அடுத்த வளையத்தில் விட்டால் முடிந்தது. சட்டென்று கழற்ற முடியாது என்பதால் ரோ, டெட்லிஃப்ட், ஷ்ரக் தவிர எதற்கும் போடுவதில்லை. அப்புறம் இரும்புக் கொக்கி வைத்த மணிக்கட்டுப் பட்டை வாங்கினேன். விரலுக்கு வேலையே இல்லை. ஆனால் எடை முழுவதும் மணிக்கட்டில் தொங்கும். எனக்கு மணிக்கட்டும் வீங்கும், அதனால் இரண்டாம் வாரமே ஒதுக்கிவிட்டேன்.

கடைசியில் என்னைக் காப்பாற்றியது, வயிற்றுப் பயிற்சிக்குத் தொங்குவதற்கு விற்கும் துணிப்பட்டைகள். அவற்றை முழங்கைக்குச் சற்று மேலே மாட்டி, கேபிளில் கோர்த்துவிட்டால் முழங்கையாலேயே இழுக்கலாம். ரோவும் புல்டவுனும் அப்படித்தான் செய்கிறேன். முன்னங்கை சும்மா தொங்கும். பைசெப்ஸ் உதவி இல்லாததால் வழக்கமான எடையில் பாதியில் ஆரம்பித்தேன். கேபிள் கொக்கியை நானே திறப்பதில்லை, பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறேன். நெஞ்சுக்கு, முன்னங்கை வைக்கும் மெத்தை உள்ள பழைய பெக் டெக். தோளுக்கு, மேற்கையால் மெத்தையைத் தள்ளும் மெஷின். அது இல்லாத ஜிம்மில் கணுக்கால் பட்டையை முன்னங்கையில் கட்டிக் கேபிளில் தூக்குவேன்.

மூட்டு சூடாக, வீங்கி இருக்கும் நாளில் கையால் எதையும் பிடிப்பதில்லை. அன்று கால் மட்டும்.

நாகர்கோவில் ஐயா

எங்கள் ஊரில் விரல் பலத்துக்குக் கர்லாக்கட்டைதான். சிறு வயதிலிருந்து சுற்றுகிறேன், 71 வயதில் கை நன்றாக இருக்கிறது. டீச்சர் சிறிய கட்டையில் தொடங்கலாமே?

கை சிகிச்சை அக்கா, மதுரை

ஐயா, உங்கள் கைக்கு அது பழகியது. டீச்சருக்கு இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. கட்டையின் பிடி மெலிந்தது, கனம் தூரத்தில் இருக்கிறது, சுற்றும்போது பறந்துவிடாமல் இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

டீச்சர், அளவு பார்க்க ஒரு வழி. பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, ஆரம்பிக்கும் முன் இருந்ததைவிட வலி கூடியிருந்தால் அன்று செய்தது அதிகம். மறுநாள் காலையில் பாட்டில் மூடி திறக்கும்போதும் கவனியுங்கள். எடையைக் குறைக்கும் முன் பிடியை மாற்றிப் பாருங்கள்.

திருச்சி டீச்சர்

மூன்று வாரம் ஆகிறது, நடந்ததை எழுதுகிறேன். எங்கள் ஜிம் டம்பெல்களை நூல் வைத்து அளந்தேன். பழைய உருண்டைத் தலை டம்பெல் 9 செ.மீ. சுற்று. ஹெக்ஸ் நடுவில் 11. எனக்கு ஒத்துவந்தது பழையதில் இரண்டு சுற்று டேப் போட்டது, 10 சொச்சம் வருகிறது. ஹெக்ஸின் புடைப்பு நடுவிரல் முடிச்சில் உறுத்தியது.

அந்த டேப்போடு, கட்டைவிரலை விரல்கள் பக்கம் போட்டு, எட்டு வடிவ ஸ்ட்ராப் மாட்டி 15 கிலோ ரோ மூன்று செட் செய்தேன். ஊசி குத்தவில்லை. இரண்டு மணி நேரம் கழித்தும் முன்பு இருந்த அளவுதான். அடுத்த வாரம் ஆசைப்பட்டு 17.5 எடுத்தேன். தூக்கும்போது ஒன்றும் தெரியவில்லை, ஸ்டாண்டில் திருப்பி வைக்கும்போது ஒற்றைக் கையால் வைத்துவிட்டேன். அன்று இரவு வலித்தது. இப்போது தொடையில் இறக்கி, ஏந்தி வைக்கிறேன்.

கோப்ளட் ஸ்குவாட்டுக்கு மட்டும் ஹெக்ஸ். மேல் தலையின் தட்டையான அடியில் இரண்டு உள்ளங்கையையும் கொடுத்துத் தாங்குகிறேன். 12 கிலோ வரை சரி, அதற்கு மேல் மணிக்கட்டு பின்னால் வளைகிறது. அக்கா முன்னங்கைகளை மடித்து மார்போடு அணைத்துப் பார்க்கச் சொன்னார்கள், கோச் தம்பி பெல்ட் ஸ்குவாட் மெஷின் தேடச் சொன்னார். எங்கள் ஊரில் அந்த மெஷின் இன்னும் கண்ணில் படவில்லை.

இன்னொன்று. எடை அடுக்கு மெஷின்களில் பின்னை உருவுவது எனக்கு இன்னும் கஷ்டம். உருண்டைத் தலை உள்ள பின்னில் ஒரு நாடா கட்டி, அதில் விரலை விட்டு இழுக்கிறேன். பாதி நாள் நாடா நழுவிவிடுகிறது. வேறு யாராவது இதற்கு ஏதாவது செய்திருக்கிறீர்களா?

சேலம் அண்ணாச்சி

அம்மா, நாடாவுக்குப் பதில் சாவிக்கொத்து வளையம் கிடைத்தால் போட்டுப் பாருங்கள். எங்கள் ஜிம்மில் பின் தலையில் ஓட்டை இருக்கிறது, வளையம் அதில் நழுவாமல் நிற்கும். உங்கள் பின்னில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.