42 நிமிடப் பாடம், திரை முழுக்கக் கறுப்பு: ஓபிஎஸ் பதிவில் உங்களுக்கு நேர்ந்தது என்ன?

வடிவியல் டீச்சர்

இதைக் கொட்டிவிட்டால்தான் இன்று தூக்கம் வரும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகத் தொடுகோடு பாடத்தை, ஓபிஎஸ் என்ற திரைப்பதிவு மென்பொருளில் 42 நிமிடம் பதிவு செய்தேன். இரவு பதினொரு மணிக்கு ஓட்டிப் பார்த்தால் கன்னங்கரேலென்று ஒரு செவ்வகம். அதற்குள் வெள்ளை அம்புக்குறி மட்டும் இங்கும் அங்கும் ஓடுகிறது. பின்னணியில் என் குரல்: "ஆரமும் தொடுகோடும் சேரும் இடத்தைப் பாருங்கள், புள்ளியை எங்கே இழுத்தாலும் 90 பாகைதான்." எதைப் பார்ப்பது? அம்புக்குறியைத்தான் பார்க்க வேண்டும்.

முன்னோட்டத்தைப் பார்த்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். ஓபிஎஸ்ஸைக் கீழே சுருக்கிவிட்டு வடிவியல் மென்பொருளிலேயே கண்ணாக இருந்தேன்.

தீர்வு கிடைத்துவிட்டது. Window Capture மூலத்தின் Properties-ஐத் திறந்து, Capture Method என்ற இடத்தில் `Automatic` இருந்ததை `Windows 10 (1903 and up)` என்று மாற்றினேன். மறு நொடியே வட்டம் வந்து நின்றது. என்னை உறுத்துவது வேறொன்று. அதே காட்சியில் வினாத்தாளுக்காகப் பிரவுசரையும் சேர்த்திருந்தேன். அதிலும் `Automatic`தான், ஆனால் அது பளிச்சென்று பதிவாகியிருக்கிறது. 'தானாக' என்று பெயர் வைத்துக்கொண்டு ஒன்றுக்குச் சரியாகவும் இன்னொன்றுக்குத் தவறாகவும் ஏன் முடிவெடுக்கிறது?

ஓய்வுபெற்ற கிளார்க்

அம்மா, இதற்கு ஒரே மருந்துதான் உண்டு. எந்த மென்பொருள் கறுப்பாகிறதோ, அதன் அமைப்புகளுக்குள் போய், கிராபிக்ஸ் சிப்பை வைத்துப் படம் வரையும் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அணைத்துவிடுங்கள். 2019-இல் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ரயில் டிக்கெட் முன்பதிவு செய்வது எப்படி என்று காணொளி போட உட்கார்ந்தேன். பிரவுசர் சாளரம் முழுக்கக் கறுப்பு. என் பேரன் வந்து அந்தப் பொத்தானை அணைத்துவிட்டு, பிரவுசரை மூடித் திறந்தான். ரயில் பெயர்கள் வரிசையாக வந்தன. அன்றிலிருந்து எந்தக் கணினியைத் தொட்டாலும் எனக்கு முதல் வேலை அதுதான்.

கூடவே சில விஷயங்களையும் கவனியுங்கள். ஓபிஎஸ்ஸை எப்போதும் நிர்வாகி உரிமையோடு திறக்க வேண்டும். கிராபிக்ஸ் டிரைவரை மாதம் ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். பதிவைத் தொடங்கியதும் பத்து விநாடி பேசி, நிறுத்தி, ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பாடத்துக்குப் போக வேண்டும். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், அந்த இரைச்சல் பதிவில் பெரிதாகக் கேட்கும். காணொளியை எம்கேவி வடிவில் சேமியுங்கள், நடுவில் மின்சாரம் போனாலும் அதுவரை பதிந்தது தப்பும்.

இரவுப்பணி நிரலர்

கிளார்க் ஐயா சொன்ன எம்கேவி விஷயம் உண்மைதான், பத்து விநாடிச் சோதனையும் நல்ல பழக்கம். ஆனால் 'ஒரே மருந்து' என்பதை ஏற்க மாட்டேன். 2019-இல் சாளரத்தைப் பிடிக்க ஓபிஎஸ்ஸிடம் பழைய வழி ஒன்றுதான் இருந்தது. 2020-இல் வந்த 25-ஆம் பதிப்பில்தான் இரண்டாவது வழியைச் சேர்த்தார்கள். உங்கள் பேரன் செய்தது அன்றைக்குச் சரி. இன்றைக்கு அதற்காக எல்லா மென்பொருளையும் மெதுவாக்கிக்கொள்ளத் தேவையில்லை.

டீச்சரின் கேள்விதான் முக்கியம். நானும் இதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன். `Automatic` என்றால் அது படத்தைப் பார்த்து முடிவு செய்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கறுப்பாக வருகிறதா இல்லையா என்று அது பார்ப்பதே இல்லை. விண்டோஸில் ஒவ்வொரு சாளரத்துக்கும் உள்ளுக்குள் ஒரு வகைப்பெயர் உண்டு. பல பிரவுசர்களிலும், பிரவுசரை அடித்தளமாகக் கொண்ட மென்பொருள்கள் பலவற்றிலும் அது `Chrome_WidgetWin_1` என்று இருக்கும். ஓபிஎஸ்ஸிடம் அப்படிச் சில பெயர்களின் பட்டியல் இருக்கிறது. Chrome, Mozilla என்று பெயரில் வந்தால், அல்லது வேர்டு, எக்செல் போன்ற சிலவற்றின் பெயராக இருந்தால், புதிய வழியைப் பிடிக்கும். பட்டியலில் இல்லாத எதுவானாலும் பழைய வழியான `BitBlt`தான். உங்கள் பிரவுசர் பட்டியலில் இருந்தது, வடிவியல் மென்பொருள் இல்லை. நடந்தது அவ்வளவுதான்.

பழைய வழி, சாளரத்தின் படத்தை விண்டோஸின் பழைய வரைகலைப் பகுதியிடம் கேட்டு வாங்கும். கிராபிக்ஸ் சிப் நேரடியாக வரையும் மென்பொருளின் படம் பெரும்பாலும் அந்த இடத்துக்கு வருவதே இல்லை. அதனால் வெற்றுக் கறுப்பைத்தான் எடுத்துத் தரும். அம்புக்குறியை மட்டும் ஓபிஎஸ் தனியாக வரைந்து மேலே வைக்கிறது, அதனால்தான் உங்கள் பதிவில் அது உயிரோடு ஓடியது. கறுப்பின் மேல் அம்புக்குறி நகர்ந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இந்த வழியைத்தான்.

ஊகிக்கவும் தேவையில்லை. Help, Log Files, View Current Log என்று போனால் ஓபிஎஸ் எந்த வழியை எடுத்தது என்று அதுவே எழுதி வைத்திருக்கும்:

```
method selected: Automatic
method chosen: BitBlt
```

இரண்டாவது வரியில் `WGC` என்று இருந்தால் புதிய வழி. அதிலும் கறுப்பு வந்தால் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

முதுகலை மாணவி

எனக்கும் இதே பிரச்சினை! கருத்தரங்கில் காட்டுவதற்காகக் கட்டணத் தளத்தில் ஓடும் ஒரு படத்தின் இரண்டு நிமிடக் காட்சியைப் பதிவு செய்தேன். டீச்சர் சொன்னபடி மாற்றினேன், மூன்று வழிகளையும் மாற்றிப் பார்த்தேன், முழுத்திரையாகவும் பிடித்தேன். கறுப்புத் திரையில் வசனவரிகள் மட்டும் அழகாக வந்து போகின்றன. ஏதோ இருட்டறையில் இரண்டு பேர் சண்டை போடுவதுபோல் இருக்கிறது. நான்காவது வழி எதுவும் உண்டா?

இரவுப்பணி நிரலர்

இல்லை. அது பிடிக்கும் வழியின் கோளாறு அல்ல தங்கையே, அந்தத் தளம் வேண்டுமென்றே போட்டிருக்கும் உரிமைப் பாதுகாப்பு. வசனவரி தனியாக மேலே வரையப்படுகிறது, அதனால் தப்பிக்கிறது. காட்சியைக் கருத்தரங்கிலேயே நேரடியாக ஓட்டிக் காட்ட அனுமதி கேளுங்கள்.

இரட்டைத் திரை

என் கதை முழுத்திரைப் பதிவில் நடந்தது. மடிக்கணினியோடு எச்டிஎம்ஐ வழியாக ஒரு வெளித்திரையும் வைத்திருக்கிறேன். வெளித்திரை நன்றாகப் பதிவாகிறது. மடிக்கணினியின் சொந்தத் திரை மட்டும் கறுப்பு, அம்புக்குறிகூட இல்லை. டிரைவரை மாற்றினேன், ஓபிஎஸ்ஸை நீக்கி மீண்டும் நிறுவினேன். கிளார்க் ஐயா சொன்ன நிர்வாகி உரிமையும் கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

காரணம் கடைசியில்தான் தெரிந்தது. என் கணினியில் இரண்டு கிராபிக்ஸ் சிப்புகள். சொந்தத் திரை சிக்கனமான இன்டெல் சிப்போடு இணைந்திருக்கிறது, எச்டிஎம்ஐ துளையோ பெரிய சிப்போடு. ஓபிஎஸ் ஓடிக்கொண்டிருந்தது பெரிய சிப்பில். Display Capture-இல் நான் தேர்ந்திருந்த `DXGI Desktop Duplication` என்ற வழி, ஓபிஎஸ் எந்தச் சிப்பில் ஓடுகிறதோ அதோடு இணைந்த திரையைத்தான் எடுக்கும். வேகமான வழி என்று யாரோ சொன்னதைக் கேட்டு, `Automatic`ஆக இருந்ததை நானே மாற்றி வைத்தது இது. என் கையால் நானே போட்டுக்கொண்ட முடிச்சு.

முதலில் விண்டோஸின் Graphics settings பக்கத்தில் `obs64.exe`-ஐச் சேர்த்து Power saving என்று வைத்தேன். ஓபிஎஸ்ஸை மூடித் திறந்தேன். சொந்தத் திரை வந்தது. கைதட்டக் கை தூக்கிய அதே நேரத்தில் பார்க்கிறேன், இப்போது வெளித்திரை கறுப்பு! அந்த ஒரு கணத்தை இன்னும் மறக்க முடியவில்லை. பிறகு சிப் தேர்வை எடுத்துவிட்டு, இரண்டு மூலங்களிலும் Capture Method-ஐ `Windows 10 (1903 and up)` ஆக்கினேன். இரண்டு திரைகளும் வந்தன. அந்த வழி சிப்பைப் பார்ப்பதில்லை.

நகராட்சிப் பயிற்சியாளர்

எல்லோரும் 1903, 1903 என்கிறீர்கள். எங்கள் அலுவலகக் கணினியில் அந்த வரி சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கிறது, சொடுக்கவே முடியவில்லை. `winver` என்று தட்டிப் பார்த்தேன், விண்டோஸ் பதிப்பு 1809 என்று வந்தது. நிறுவனங்களுக்கென்று வரும் நீண்டகாலப் பதிப்பாம், அதைப் புதுப்பிக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஊழியர்களுக்கான பிரவுசர் பயிற்சியைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. பட்டியலில் பிரவுசர் பெயர் இருந்து என்ன பயன், புதிய வழியே இல்லாத கணினியில் `Automatic` பழைய வழிக்குத்தானே போகும்? கடைசியில் கிளார்க் ஐயாவின் மருந்துதான் காப்பாற்றியது. பிரவுசர் அமைப்புகளில் System பகுதிக்குப் போய் அணைத்தேன், படம் வந்தது.

ஓய்வுபெற்ற கிளார்க்

நிரலர் தம்பி இதைப் படித்தீர்களா?

இரவுப்பணி நிரலர்

படித்தேன் ஐயா. 1809-இல் உங்கள் மருந்து சரி. ஆனால் டீச்சரின் கணினி 1809 அல்ல. மேலும், அந்தப் பொத்தான் எல்லா மென்பொருளிலும் இருப்பதில்லை. அணைக்க வழியே இல்லாத மென்பொருளுக்கு என்ன செய்வீர்கள்?

ஓய்வுபெற்ற கிளார்க்

வேறு மென்பொருளுக்கு மாறிவிடுவேன்.

வடிவியல் டீச்சர்

லாக் கோப்பைப் பார்த்துவிட்டேன். நிரலர் தம்பி சொன்ன அதே இரண்டு வரிகள், எழுத்து மாறாமல் இருந்தன. என் குழப்பம் தீர்ந்தது. பிள்ளைகளுக்கு 42 நிமிடமும் மறுபடி பேசி அனுப்பிவிட்டேன், இந்த முறை 35 நிமிடத்தில் முடிந்தது.

புது வழியில் கண்ட இரண்டையும் எழுதி வைக்கிறேன். என் விண்டோஸ் 10-இல், பிடிக்கப்படும் சாளரத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் கோடு வந்து நிற்கிறது. பதிவில் அது விழவில்லை, ஆனால் கண்ணை உறுத்துகிறது. சாளரத்தின் மேல் வேறொன்றைத் திறந்தால் பரவாயில்லை, பதிவு தொடர்கிறது. கீழே சுருக்கிவிட்டால் மட்டும் கடைசிக் காட்சி அப்படியே உறைந்து நிற்கிறது.

இப்போது இன்னொரு தொல்லை. மெனுவைத் திறந்து "இதோ, இங்கே வட்டம் என்பதைத் தேர்ந்தெடுங்கள்" என்கிறேன். பதிவில் மெனுவே இல்லை! நான் வெறும் இடத்தைச் சொடுக்குவதுபோல் தெரிகிறது.

இரட்டைத் திரை

விரியும் மெனு தனிச் சாளரம் டீச்சர், நீங்கள் பிடித்தது முதன்மைச் சாளரத்தை மட்டும். நான் Display Capture போட்டு, ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு சிவப்புச் சட்டத்தின் ஓரத்தை இழுத்து, வேண்டாத பகுதியை வெட்டிவிடுவேன்.

வடிவியல் டீச்சர்

அப்படிச் செய்தால் நடுவில் வரும் குடும்பக் குழுச் செய்திகளும் பிள்ளைகளுக்குப் போய்ச் சேருமே. மெனுவை மட்டும் பிடித்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.