[கலைச்சொல்] ஏ.ஆர்.பி.: தீர்வா, உசாவலா?

சரவணன், பிரிக்பீல்ட்ஸ்

அனைவருக்கும் வணக்கம். படிவம் ஐந்து முடித்த பிள்ளைகளுக்கு மாலையில் கணினி வலையமைப்பு வகுப்பு எடுக்கிறேன். பாடக்குறிப்பைத் தமிழில் எழுதி வருகையில் ஏ.ஆர்.பி. வந்ததும் நின்றுவிட்டேன். என் கைக்குக் கிடைத்த பழைய குறிப்பில் ‘முகவரி தீர்மான நெறிமுறை’ என்று இருக்கிறது. தீர்மானம் என்றால் சங்கக் கூட்டத்தில் நிறைவேற்றுவது என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள்.

வேலை இதுதான். ஒரே வலைத்துண்டில் இருக்கும் பக்கத்துக் கணினியின் ஐ.பி. எண் நமக்குத் தெரியும். ஆனால் கம்பியில் தரவை அனுப்ப அதன் 48 பிட் வன்பொருள் முகவரி, அதாவது மேக் முகவரி, வேண்டும். அதைக் கண்டுபிடித்துத் தருவது ஏ.ஆர்.பி. ‘அண்டை அறிதல்’ என்று வைக்கலாமா? முத்தையா ஐயா சொல்ல வேண்டும்.

முத்தையா, புக்கிட் மெர்தாஜாம்

தம்பி சரவணன், தீர்மானம் வேண்டாம் என்பது சரி. பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தருவது டி.என்.எஸ். என்று முன்பு இதே குழுவில் பேசி, அதற்குப் ‘பெயர்த் தீர்வு’ என்று வைத்தோம். இங்கும் அதே செயல்தானே? எண்ணைக் கொடுத்தால் வன்பொருள் முகவரியைத் தருகிறது. ஆகவே ‘முகவரித் தீர்வு’. பதிவேடு வைத்திருக்கும் கணினியிடம் கேட்டால் அது பார்த்துச் சொல்கிறது. அந்தக் கணினிக்கும் ஒரு பெயர் வேண்டுமானால் ‘முகவரிக் காப்பாளர்’ எனலாம்.

தேன்மொழி, பெட்டாலிங் ஜெயா

ஐயா, தீர்வு என்ற சொல்லில் எனக்கு மறுப்பில்லை. காப்பாளர் மட்டும் இங்கே கிடையாது. டி.என்.எஸ்.ஸில் கேட்பதற்கென்று ஒரு சர்வர் இருக்கிறது. ஏ.ஆர்.பி.யில் யாரிடமும் முழுப் பதிவேடு இல்லை. ஒவ்வொரு கணினியும் தான் கேட்டறிந்ததைத் தன் நினைவகத்தில் சின்ன அட்டவணையாக வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

என் வீட்டுக் கணினியிலேயே பார்த்தேன். அதன் எண் 192.168.1.12. அது 192.168.1.50-க்கு எதையாவது அனுப்ப வேண்டும். முதலில், எண்ணின் எந்தப் பகுதி வலையமைப்பைக் குறிக்கிறது என்று காட்டும் தன் வலைமறைப்பை வைத்து, ‘இந்த எண் என் வலையமைப்பிலேயே இருக்கிறதா?’ என்று பார்க்கும். இருந்தால் தன் அட்டவணையைத் தேடும். அங்கே இல்லையென்றால்தான் கேள்வி கிளம்பும்:

```
$ sudo tcpdump -nt arp
ARP, Request who-has 192.168.1.50 tell 192.168.1.12, length 28
ARP, Reply 192.168.1.50 is-at 00:00:5e:00:53:1a, length 46
```

கேள்வி போவது எல்லாரையும் குறிக்கும் ff:ff:ff:ff:ff:ff என்ற முகவரிக்கு. அதனால் சுவிட்ச் அதைக் கேபிள் செருகும் மற்ற எல்லாத் துறைகளிலும் விடுகிறது. கேட்பவரின் ஐ.பி.யும் மேக்கும் கேள்விக்குள்ளேயே இருக்கும். தேடும் மேக் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுழியங்கள். எல்லாருக்கும் கேட்டாலும், அந்த எண்ணுக்கு உரியவர் மட்டும் கேட்டவருக்கு நேராகப் பதில் போடுகிறார். கேட்டவரின் முகவரியையும் கேள்வியிலிருந்தே குறித்துக்கொள்கிறார். அதனால் அவர் திருப்பிக் கேட்க வேண்டியதில்லை. (பதில் 46 பைட் என்று காட்டுவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஈதர்நெட் அதற்குக் குறைந்த சுமையை எடுக்காது, மீதியை நிரப்பி அனுப்புகிறது.)

சரவணன் அண்ணா, பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லிவிடுங்கள். வெளியே இருக்கும் இணையத்தளத்தின் மேக் முகவரியை நம் கணினி கேட்பதே இல்லை. எண் நம் வலையமைப்பில் இல்லையென்றால் வாசலில் உள்ள ரவுட்டரின் மேக்கைத்தான் கேட்கும்.

குணா, ஜார்ஜ் டவுன்

அக்கா, நல்ல நேரத்தில் இதைப் பேசுகிறீர்கள். லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடைக்கு நான்தான் கணினி பார்க்கிறேன். கடை பிரிண்டரின் எண்ணும் 192.168.1.50தான். கல்லாவில் இருக்கும் கணினியிலிருந்து பில் அச்சாகிறது, பின்னறைக் கணினியிலிருந்து அச்சாகவில்லை. ping போட்டால் இரண்டிலிருந்தும் பதில் வருகிறது. கேபிள் மாற்றினேன், டிரைவரை எடுத்துவிட்டு மறுபடியும் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. அட்டவணையைக் காட்டும் `arp -a` போட்டதில் கல்லாவில் இப்படி:

```
192.168.1.50    00-00-5e-00-53-1a    dynamic
```

பின்னறையில் இப்படி:

```
192.168.1.50    00-00-5e-00-53-c7    dynamic
```

பார்க்கிற கணினிக்கு ஏற்ப மேக் முகவரி மாறுமா? இதற்கு என்ன தீர்வு?

சரவணன், பிரிக்பீல்ட்ஸ்

குணா, நாங்கள் பேசுவது சொல்லைப் பற்றி. ஆனாலும் உன் கேள்வி பாடத்துக்கு உதவும்போல் இருக்கிறது. தேன்மொழி பதில் சொல்லட்டும்.

தேன்மொழி, பெட்டாலிங் ஜெயா

மாறாது குணா. உன் கடையில் ஒரே எண்ணை இரண்டு சாதனங்கள் வைத்திருக்கின்றன. பிரிண்டரில் சோதனைத் தாள் ஒன்று அச்சிட்டுப் பார், அதில் அதன் மேக் இருக்கும். 1a-வில் முடிந்தால் கல்லாவில் இருப்பது சரி. பிறகு பிரிண்டரை அணைத்துவிட்டு, இரண்டு கணினியிலும் நிர்வாகி உரிமையோடு `arp -d 192.168.1.50` கொடுத்து அந்தக் குறிப்பை அழித்து மீண்டும் ping போடு. அணைத்த பிறகும் பதில் வந்தால் அது c7. ping-க்குப் பெரும்பாலான சாதனங்கள் பதில் சொல்லும். அச்சு வேலையை ஏற்கத்தான் பிரிண்டர் வேண்டும். அதனால்தான் ping உன்னை ஏமாற்றியது.

ஏன் இப்படி ஆகிறது என்பதை இங்கேயே சொல்கிறேன், சொல்லுக்கும் இது தேவை. டேவிட் பிளம்மர் 1982 நவம்பரில் எழுதிய RFC 826 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தில் பெறுநர் செய்ய வேண்டியது வரிசையாக இருக்கிறது. ஏ.ஆர்.பி. செய்தி வந்ததும், அனுப்பியவரின் ஐ.பி. ஏற்கெனவே என் அட்டவணையில் இருந்தால் அவருடைய புதிய மேக்கை உடனே எழுதிக்கொள்ள வேண்டும். ‘இந்தக் கேள்வி எனக்கா?’ என்று பார்ப்பது அதற்குப் பிறகுதான். சொல்பவர் உண்மையில் உரியவரா என்று யாரும் சோதிப்பதில்லை. அந்த இன்னொரு சாதனம் வேறு எதற்காகவோ, சும்மா ரவுட்டரைத் தேடிக் கேள்வி கேட்டாலும், ‘50 நான்தான், என் மேக் c7’ என்பது அந்தக் கேள்வியோடு எல்லாருக்கும் போய்விடுகிறது. 50-ஐ முன்பே எழுதி வைத்திருந்தவர்களின் அட்டவணை மாறிவிடும். பிறகு பிரிண்டர் பேசினால் திரும்ப மாறலாம். லினக்ஸில் ஒரு வினாடிக்குள் வரும் இரண்டாவது பதிலை ஏற்காத தடை உண்டு, அதனால் அங்கே பெரும்பாலும் முந்தி வந்த பதில் நிற்கும். இன்று கல்லா, நாளை பின்னறை என்று பழுது இடம் மாறினால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

குணா, ஜார்ஜ் டவுன்

கண்டுபிடித்தாச்சு அக்கா! பிரிண்டரை அணைத்தும் பதில் வந்தது. போன வாரம் கடைக்காரர் மாட்டிய கேமரா ரெக்கார்டர். மாட்டியவர் 50 என்று கையால் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். ரவுட்டர் தானாகக் கொடுக்கும் எண்கள் 100 முதல் 199 வரை, அதனால் ரெக்கார்டரை 200-க்கு மாற்றினேன். பின்னறையில் இன்னொரு முறை `arp -d` கொடுத்ததும் பில் வந்துவிட்டது. ஆனால் ரெக்கார்டர் எண்ணை எடுக்கும் முன், ‘50 யாரிடமாவது இருக்கிறதா?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?

தேன்மொழி, பெட்டாலிங் ஜெயா

கேட்கலாம். அதற்கும் முறை இருக்கிறது, 2008-இல் வந்த RFC 5227. தான் எடுக்கப்போகும் எண்ணைப் பற்றித் தானே கேட்பது. அப்போது அனுப்புநர் ஐ.பி. இருக்கும் இடத்தில் சுழியம் போட வேண்டும், இல்லாவிட்டால் கேட்பதே மற்றவர்களின் அட்டவணையைக் கெடுத்துவிடும். ஆனால் எல்லாச் சாதனங்களும் இதைச் செய்வதில்லை.

முத்தையா, புக்கிட் மெர்தாஜாம்

தேன்மொழி எழுதியதை இரண்டு முறை படித்தேன். காப்பாளர் இல்லை, ஏடும் இல்லை. ஊரைக் கேட்டு உரியவர் சொல்வதை நம்புவதே முறை என்றால், தீர்வு என்பது பொருந்தவில்லை. குணாவின் கடையில் தீர்வா கிடைத்தது? தவறான விடையல்லவா கிடைத்தது? ‘உசாவல்’ என்றொரு நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. விசாரித்து அறிதல் என்று பொருள். ‘விசாரணை’ என்றால் காவல் நிலையம் நினைவுக்கு வரும், இதில் அந்தத் தொல்லை இல்லை. ‘முகவரி உசாவு நெறிமுறை’ என்று வைப்போம்.

குணா, ஜார்ஜ் டவுன்

ஐயா, உசாவல் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. கடைக்காரரிடம் எப்படிச் சொல்வேன்? ‘கேட்பு’ போதாதா?

முத்தையா, புக்கிட் மெர்தாஜாம்

கேட்பு என்பதை இழப்பீடு கோருவதற்கும் எழுதுகிறார்கள் தம்பி. உசாவல் புதிதாக இருப்பதே இங்கே நன்மை. பிள்ளைகள் வேறு பொருளைக் கொண்டுவந்து கலக்க மாட்டார்கள்.

தேன்மொழி, பெட்டாலிங் ஜெயா

உசாவல் எனக்குப் பிடித்திருக்கிறது ஐயா, ஆனால் முழு நெறிமுறைக்கும் அதை வைக்கத் தயங்குகிறேன். யாரும் கேட்காமலே வரும் ஏ.ஆர்.பி. செய்தியும் உண்டு. முதன்மை ரவுட்டர் விழுந்து மாற்று ரவுட்டர் அதே எண்ணை எடுக்கும்போது, ‘இனி இந்த எண் என்னிடம்’ என்று அது எல்லாருக்கும் அறிவிக்கும். சில ரவுட்டர்களில் அட்டவணைக் குறிப்பு 4 மணி நேரம் வரை நிற்கும், அந்த அறிவிப்பு இல்லாவிட்டால் அவ்வளவு நேரமும் தரவு பழைய மேக்குக்கே போய்க்கொண்டிருக்கும். அங்கே உசாவுபவர் யாருமில்லை, ஆனால் அட்டவணை மாறுகிறது. அதனால் நெறிமுறைக்கு ‘முகவரித் தீர்வு’, அதற்குள் போகும் கேள்விச் செய்திக்கு ‘உசாவல்’, பதிலுக்கு ‘மறுமொழி’, கேட்காமல் வருவதற்கு ‘கேளா அறிவிப்பு’ என்பது என் கருத்து.

அண்ணா கேட்ட ‘அண்டை அறிதல்’ மட்டும் வேண்டாம். ஐ.பி. ஆறாம் பதிப்பில் ஏ.ஆர்.பி. கிடையாது. இதே வேலையை அங்கே வேறொரு நெறிமுறை செய்கிறது, அதன் ஆங்கிலப் பெயரிலேயே அண்டை இருக்கிறது. அந்தச் சொல்லை அதற்கு விட்டு வைப்போம்.

சரவணன், பிரிக்பீல்ட்ஸ்

தேன்மொழி சொன்ன நான்கையும் இந்த வாரக் குறிப்பில் போடுகிறேன். ஐயாவின் ‘முகவரி உசாவு நெறிமுறை’யையும் பக்கத்திலேயே எழுதுகிறேன், எது பிள்ளைகள் வாயில் நிற்கிறது என்று பார்ப்போம். குணாவின் இரண்டு `arp -a` வரிகளும் பயிற்சிக்குப் போகும், கடை பெயர் இல்லாமல்.

நான் ‘வலைத்துண்டு’ என்று எழுதியதை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அது சரிதானா?

குணா, ஜார்ஜ் டவுன்

எனக்குச் சரியாகப் படவில்லை அண்ணா. அந்தக் கடையில் கீழே ஒரு சுவிட்ச், மாடியில் ஒரு சுவிட்ச். கேபிளில் பார்த்தால் பல துண்டு. ஆனால் மாடியில் இருந்த ரெக்கார்டர் கீழே இருந்த பிரிண்டரைக் கெடுத்ததே.

தேன்மொழி, பெட்டாலிங் ஜெயா

குணா சொல்வது சரி. ஏ.ஆர்.பி.க்குக் கேபிளின் துண்டு முக்கியமில்லை. ff:ff:ff:ff:ff:ff-க்கு அனுப்பியது எதுவரை போகிறதோ அதுவரை ஒன்றுதான். எத்தனை சுவிட்ச் வைத்தாலும் அது தாண்டிப் போகும், ரவுட்டரில் நிற்கும். ஒரே சுவிட்சை வி.லேன் மூலம் தனித்தனி வலையமைப்புகளாகப் பிரித்தால் அங்கேயும் நிற்கும். ‘துண்டு’ என்றால் இரண்டிலும் தவறாகப் புரியும்.

முத்தையா, புக்கிட் மெர்தாஜாம்

அப்படியானால் ‘பரப்பெல்லை’ எப்படி? ‘வளாகம்’ என்றும் நினைத்தேன், ஆனால் அது கட்டடத்தைக் குறித்துவிடும். மற்றவர்களும் எழுதுங்கள்.