குளிசை மூளைக்குள்ள போகுதா, வாசலில நிற்குதா?

நிலாவெளி_மகள்
அப்பாவுக்கு 68 வயது, 60 கிலோ, பாக்கின்சன். லெவோடோபா 100, காபிடோபா 25 உள்ள குளிசை நாளைக்கு மூன்று: காலை 7, பகல் 1, இரவு 7. காலைக் குளிசை நல்லா வேலை செய்யுது. பகல் குளிசை போட்டதே தெரியுதில்லை, நாலு மணி மட்டும் கதிரையால எழும்பமாட்டார். டொபமைன்தான் குறைவு எண்டால் அதையே நேராக் குடுக்க ஏலாதோ? காபா கப்சியூல், பூனைக்காலித் தூள் எண்டும் ஆக்கள் சொல்லினம். எது மூளைக்குப் போகும்?

சீனக்குடா_77
விதி சுலபம். மூலக்கூறின்ர எடை 500 டால்டனுக்குக் குறைவா இருக்க வேணும், கொழுப்பில கரைய வேணும். இந்த ரெண்டும் இருந்தால் இரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டும், இல்லாட்டித் தாண்டாது. கடையில வாங்கிற எந்தச் சத்துக் கப்சியூலையும் இதை வைச்சே பார்க்கலாம்.

மருந்துத்தட்டு
தம்பி, பாதி சரி. டொபமைன் 153 டால்டன், லெவோடோபா 197. உங்கட விதிப்படி சின்னதுதான் முதல்ல போக வேணும். நடக்கிறது மறுவளம். ரெண்டும் கொழுப்பில கரையாத சாமான்கள், ஆனா லெவோடோபா ஒரு அமினோ அமிலம். மூளை இரத்தக்குழாயின்ர சுவரில பெரிய அமினோ அமிலங்களை ஏத்தி இறக்கிற ஒரு கடத்தி இருக்கு, லாட்-1 எண்டு பேர். லூசின், ஃபினைல்அலனின், டைரோசின் எல்லாம் அதிலதான் போகும். லெவோடோபாவும் அந்த வள்ளத்திலதான் ஏறுது. டொபமைனுக்கு அதில இடமில்லை. சுவருக்குள்ள கொஞ்சம் புகுந்தாலும் அங்க இருக்கிற நொதிகள் உடைச்சுப்போடும்.

லோபரமைட்டை எடுங்கோ, வயிற்றோட்டத்துக்குக் குடுக்கிறது. 477 டால்டன், கொழுப்பில நல்லாக் கரையும், ஓபியம் வகைச் சாமான். உங்கட கணக்கில அது மூளைக்குப் போய் மயக்க வேணும். வழக்கமான அளவில அப்பிடி நடக்காது. சுவரில இருக்கிற பம்பு உள்ள வாறதைத் திருப்பி இரத்தத்துக்கே தள்ளிவிடும்.

அக்கா, உங்கட முதல் கேள்விக்கு மறுமொழி இதுதான்: டொபமைனை நேராக் குடுத்தால் இதயத்துக்கும் குடலுக்கும் போகும், மூளைக்குப் போகாது. காபிடோபா வேணுமெண்டே தடுப்பைத் தாண்டாத மருந்து. லெவோடோபா வெளியிலேயே டொபமைனா மாறிப் போகாமல் காவல் நிற்கிறதுதான் அதின்ர வேலை. நாளைக்கு 70 தொடக்கம் 100 மி.கி. காபிடோபா இருந்தால் அந்தக் காவல் போதும். அப்பாவுக்கு 75 போகுது. அதில பிழை இல்லை.

மூலிகைத்தோட்டம்
பூனைக்காலி விதையிலயும் இருக்கிறது அதே லெவோடோபாதான். இயற்கையா வாறதால பக்கவிளைவு இல்லை. காலையில ஒரு கரண்டி, பாலில கலக்கிக் குடுங்கோ.

மருந்துத்தட்டு
அதே லெவோடோபா எண்டதாலதான் பயம். கணக்குப் பாருங்கோ. விதைத்தூளில பெரும்பாலும் நூற்றுக்கு 3 தொடக்கம் 6 பங்கு லெவோடோபா. 5 கிராம் தூளில 150 மி.கி.யும் இருக்கலாம், 300உம் இருக்கலாம். எந்தப் பைக்கற்றில எவ்வளவு எண்டு ருசி பார்த்துச் சொல்ல ஏலாது.

தூளைத் தனியக் குடிச்சால் காபிடோபாவின்ர காவல் இல்லை. பெரும்பங்கு வெளியிலேயே டொபமைனா மாறி, ஓங்காளமும் சத்தியும்தான் மிச்சம். ஆனா இவர் ஏற்கெனவே காபிடோபா எடுக்கிறார். அந்தக் காவல் தூளில இருந்து வாறதுக்கும் சேர்த்துத்தான் நிற்கும். அப்ப 200 மி.கி. உள்ள ஒரு கரண்டி, மேலதிகமா ரெண்டு குளிசை போட்ட மாதிரி. நாளைக்கு மூன்று போடுறவர் அஞ்சு போட்டதாகும். கழுத்தும் தோளும் தானாக நெளியத் தொடங்கும், எழும்பேக்க பிரஷர் விழும், சிலருக்கு இல்லாத ஆக்கள் கண்ணுக்குத் தெரியும். வீட்டாக்கள் அதை 'வருத்தம் கூடிப்போச்சு' எண்டு நினைச்சு இன்னொரு கரண்டி குடுப்பினம். பாலில கலக்கிறதைப் பற்றிக் கீழ சொல்லுறன்.

மூலிகைத்தோட்டம்
தூளைத் தனியக் குடுத்து நல்லா வேலை செய்ததாக ஆய்வுகளே இருக்கு. அதை ஏன் மறைக்கிறியள்?

மருந்துத்தட்டு
மறைக்கேல்லை. இருக்கு. சின்ன ஆய்வுகள், அளந்த தூள், வைத்தியர் பக்கத்தில நிண்டு அளவு பார்த்தது. கடைத் தூளைக் குளிசையோட சேர்த்துக் குடுக்கிறது வேற கதை. நான் சொல்லுறது அதை மட்டும்.

உப்புவெளி_ராசன்
எனக்குச் சீனி வருத்தம், உள்ளங்கால் எரியுது. பி12 ஊசியும் கபாபென்ரினும் தந்திருக்கினம். இந்தத் தடுப்பால அதுகளும் நரம்புக்குப் போகாதோ?

மருந்துத்தட்டு
ராசண்ணை, கால் நரம்பு மூளைத் தடுப்புக்கு வெளியில. அங்க வேற ஒரு தடுப்பு இருக்கு, ஆனா முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில இருக்கிற நரம்பு முடிச்சுகளில அது நல்லா இளகினது. அதால பி12க்கு இந்தக் கவலை வேண்டாம். கபாபென்ரின் முள்ளந்தண்டு வடத்துக்குப் போக வேணும், அதுக்கும் லெவோடோபா ஏறுற அதே கடத்தி உதவுது. பேரைப் பார்த்து அதையும் காபாவையும் ஒண்டெண்டு நினைக்காதேங்கோ.

காபா எண்டதால இதையும் சொல்லிவிடுறன். வாயால எடுக்கிற காபா மனிசரின்ர மூளைக்குள்ள போகுது எண்டதுக்குச் சான்று மிகக் குறைவு.

மூலிகைத்தோட்டம்
போகாட்டி, குடிச்ச ஆக்களுக்கு நித்திரை வருதே?

ஓர்ஸ்ஹில்_உடற்றொழிலியல்
குடல் நரம்புகளிலயும் காபா ஏற்பிகள் இருக்கு. அங்க இருந்து செய்தி மூளைக்குப் போகலாம். வெறும் நம்பிக்கையாலயும் நித்திரை வரலாம். எது எண்டு இன்னும் தீரேல்லை. ஆனா பாக்கின்சனில குறையுறது டொபமைன். காபா உள்ள போனாலும் இவரை எழுப்பாது.

அம்மா, எனக்கு ஒரு கேள்வி. பகல் குளிசையை எதோட போடுறார்? சாப்பாட்டை அப்பிடியே எழுதுங்கோ.

நிலாவெளி_மகள்
சோறு, பாரை மீன் குழம்பு ரெண்டு துண்டு, பருப்பு, பிறகு எருமைத் தயிர். சாப்பிட்டு முடிய ஒரு மணிக்குக் குளிசை. காலையில எழும்பின உடன பிளேன்ரீயோட குளிசை, எட்டு மணிக்குத்தான் இடியப்பமும் சொதியும்.

ஓர்ஸ்ஹில்_உடற்றொழிலியல்
அதுதான் விசயம். நூறு கிராம் மீனில கிட்டத்தட்ட 20 கிராம் புரதம். பருப்பு, தயிர், சோறு எல்லாம் சேர்த்தால் அந்த ஒரு நேரத்தில 30ஐத் தாண்டும். 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்குத் தேவையானது 48 கிராம் அளவில. செரிச்ச புரதம் அமினோ அமிலங்களாகி அதே வள்ளத்துக்கு முண்டியடிக்கும். லெவோடோபா கரையில நிற்கும்.

1984இல இதை அழகாகக் காட்டினவை. லெவோடோபாவை நாளத்தால ஒரே வேகத்தில ஏத்திக்கொண்டு, நோயாளிக்குப் புரதச் சாப்பாடு குடுத்தினம். இரத்தத்தில மருந்தின்ர அளவு குறையேல்லை, ஆனா உடம்பு விறைச்சுப்போச்சு. தடை குடலில இல்லை, மூளை வாசலில.

மருந்துத்தட்டு
சேர், நாளத்தால ஏத்தினபடியால் அந்தச் சோதனையில குடலுக்கு வேலையே இல்லை. குளிசை விழுங்கிற ஆளுக்குக் குடலையும் கணக்கில எடுக்க வேணும். லெவோடோபா இரைப்பையில இருந்து சிறுகுடலுக்கு இறங்கினால்தான் உறிஞ்சப்படும். வயிறு முட்டச் சாப்பிட்டால் ஒரு மணித்தியாலத்துக்கு மேலயும் அங்கயே கிடக்கும். அக்கா, அவருக்கு மலச்சிக்கல் இருக்கோ? வேற குளிசை ஏதும் பகலில?

நிலாவெளி_மகள்
மலச்சிக்கல் இருக்கு. இரத்தம் குறைவு எண்டு இரும்புக் குளிசை, அதையும் பகல் குளிசையோடயே சேர்த்து விழுங்கிறவர்.

மருந்துத்தட்டு
பார்த்தியளே சேர். இரும்பு குடலிலேயே லெவோடோபாவைப் பிடிச்சுக் கட்டிப்போடும். மூளை வாசலுக்கு வர முதலே அளவு குறைஞ்சிடும். குறைஞ்சது ரெண்டு மணித்தியாலம் தள்ளி வைக்க வேணும். முதல்ல அதை மாத்துங்கோ. சாப்பாட்டில இப்ப கை வைக்காதேங்கோ.

ஓர்ஸ்ஹில்_உடற்றொழிலியல்
நான் முதல்ல குளிசையின்ர நேரத்தைத்தான் மாத்துவன். 1 மணிக் குளிசையை 12.15க்குக் கொண்டுவந்தால் வெறும் வயிற்றில இறங்கும், புரதத்துக்கும் முந்திவிடும். ஓங்காளம் வந்தால் பாதி வாழைப்பழமோ ரெண்டு பிஸ்கற்றோ குடுக்கலாம், அதுகளில புரதம் குறைவு. பால் வேண்டாம், பாலிலயும் புரதம் இருக்கு. தூளைப் பாலில கலக்கச் சொன்னதிலயும் இதே பிழைதான்.

அது காணாட்டி மீனை இரவு எட்டு மணிச் சாப்பாட்டுக்கு மாத்திப் பகலில சோறும் மரக்கறியும் குடுங்கோ. மொத்தப் புரதத்தைக் குறைக்கக் கூடாது, இடத்தை மட்டும்தான் மாத்திறது. கிழமைக்கு ஒருக்கா நிறை பாருங்கோ. நிறை இறங்கத் தொடங்கினால் பழையபடி விட்டுவிட வேணும்.

சீனக்குடா_77
இரவில மீன் சாப்பிட்டால் இரவுக் குளிசை கெட்டுப்போகாதோ?

ஓர்ஸ்ஹில்_உடற்றொழிலியல்
கெடலாம். 7 மணிக் குளிசை கொஞ்சம் முந்தும், ஆனா சாமத்தில படுக்கையில திரும்பிப் படுக்கக் கஷ்டப்படுவார். பகலில நடக்கிறதுக்காக இரவில கொஞ்சம் இழக்கிற பேரம் இது. எல்லாருக்கும் ஒத்துவராது. இன்னொண்டு: புரதம் விலகினால் அதே குளிசை பலமாக வேலை செய்யும். உடம்பு நெளிஞ்சால் கிளினிக்கில சொல்லி அளவைக் குறைக்க வேணும். தானா நிற்பாட்டினால் ஆபத்து, திடீரெண்டு நிற்பாட்டவே கூடாது.

மருந்துத்தட்டு
எது முதல் எண்டதில நாங்கள் ரெண்டு பேரும் ஒத்துப்போகமாட்டம். ஆனா ரெண்டையும் ஒரே நாளில மாத்தாதேங்கோ, பிறகு எது சுகம் தந்தது எண்டு தெரியாது. ஒரு மாற்றத்துக்கு நாலு நாள். கொப்பியில மூன்று நேரம் எழுதுங்கோ: குளிசை விழுங்கினது, கால் இளகினது, திரும்ப விறைச்சது. விழுங்கினதுக்கும் இளகினதுக்கும் இடையில எத்தினை நிமிசம் எண்டதுதான் முக்கியம்.

ஓங்காளத்துக்கு என்ன குடுக்கினம்?

நிலாவெளி_மகள்
டொம்பெரிடோன். போன கிழமை பாமசியில முடிஞ்சு, 'இதுவும் அதே வேலைதான்' எண்டு மெட்டோகுளோப்ரமைட் தந்தவை. ரெண்டு நாளா நாளைக்கு மூன்று தரம் குடுக்கிறன்.

மருந்துத்தட்டு
அக்கா, அடுத்த மெட்டோகுளோப்ரமைட்டைக் குடுக்காமல் இப்பவே கிளினிக்குக்கு அழைச்சுச் சொல்லுங்கோ. சத்தியைத் தூண்டுற இடம் மூளையின்ர அடியில, தடுப்பு இல்லாத பகுதியில இருக்கு. டொம்பெரிடோன் அங்க டொபமைனை மறிக்கும், பம்பு தள்ளிவிடுறபடியால் உள்ள பெரிசாப் போகாது. மெட்டோகுளோப்ரமைட் தடுப்பைத் தாண்டி உள்ளயும் போய் அதே டொபமைனை மறிக்கும். லெவோடோபா ஒரு பக்கத்தால திறக்கிற கதவை இது மற்றப் பக்கத்தால பூட்டும். டொம்பெரிடோனும் இதயத் துடிப்பைக் குழப்பலாம், அதால இதயவருத்தம் இருக்கோ, வேற என்ன மருந்து எடுக்கிறார் எண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கோ.

அந்த ரெண்டு நாளில காலைக் குளிசையும் வேலை செய்யாமல் விட்டதோ?

நிலாவெளி_மகள்
நேற்றில இருந்து காலையிலயும் கஷ்டம்தான். மீனாலதான் எண்டு நினைச்சு இரவு மீனையும் நிற்பாட்டிப்போட்டன்.

ஓர்ஸ்ஹில்_உடற்றொழிலியல்
மீனைத் திரும்பக் குடுங்கோ அம்மா. இந்த ரெண்டு நாள் கணக்கு எதுக்கும் உதவாது. கொப்பியை டொம்பெரிடோன் திரும்பக் கிடைச்ச பிறகு தொடங்குங்கோ.