புதுப்பிப்பு: ஸ்கேன் நார்மல், வலி மட்டும் போகல

அப்போ நான் கேட்டது: "மாசம் மூணு நாள் காலேஜ் போக முடியல. ஸ்கேன் நார்மல்னுட்டாங்க. அப்புறம் ஏன் இப்படி வலிக்குது?"

நேத்து காரைக்குடியிலேர்ந்து மதுரை போய் ஒரு மகளிர் டாக்டரைப் பாத்துட்டு வந்தேன். இங்கே ஒரு அக்கா சொன்னபடி மூணு மாச பீரியட்ஸ் வலியை நோட்டுல எழுதிட்டுப் போனது ரொம்ப உதவுச்சு. டாக்டர் ஒரு வரியில விரலை வச்சு நிறுத்தினாங்க: "ரெண்டாம் நாள், வெளிக்குப் போறப்ப கத்தியால குத்துற மாதிரி." எண்டோமெட்ரியோசிஸ்னு ஒரு நோய், கர்ப்பப்பையோட உள் சவ்வு மாதிரியான திசு வெளியே வளர்றது; அது கர்ப்பப்பைக்குப் பின்னால, குடல் பக்கம் இருந்தா இப்படி வரலாம்னாங்க. எனக்கு எடுத்தது வயித்து மேல வச்சுப் பாக்குற ஸ்கேன். சினைப்பையில கட்டி இருந்தா அதுல தெரியும், மெல்லிசாப் படிஞ்சிருக்கறது தெரியாது. அடுத்தது எம்ஆர்ஐ. அது சுத்தமா வந்தாலும் நோய் இல்லைன்னு அடிச்சுச் சொல்ல முடியாதாம்.

வயித்துல சின்னத் துளை போட்டு கேமரா விட்டுப் பாக்குற லேப்ராஸ்கோபி பண்ணினாத்தான் மருந்துன்னு இங்கே சொன்ன தம்பிக்கு: முன்னே அப்படித்தானாம், இப்ப சந்தேகத்துலயே மாத்திரை ஆரம்பிக்கறாங்க. எனக்கு டைனோஜெஸ்ட்ங்கற ஹார்மோன் மாத்திரை 2 மி.கி., தினம் ஒண்ணு, மூணு மாசம். வலி குறைஞ்சாலும் அதை வச்சு இந்த நோய்தான்னு முடிவு கட்ட முடியாதுன்னும் சொல்லிட்டாங்க.

"எனக்கும் இருந்துச்சு, கல்யாணத்துக்கப்புறம் சரியாப் போச்சு"ங்கறாங்க அப்பத்தா. ஆனா நான் பட்டாலையில சுருண்டு கிடக்கறப்ப வெந்நீர்ப் பையை மறுபடி மறுபடி ரொப்பித் தர்றதும் அவங்கதான். எம்ஆர்ஐ வியாழக்கிழமை.