இரண்டாவது ரவுட்டருக்கு என்ன ஐபி கொடுக்கலாம்?

வணக்கம். கடலூர் முதுநகரில் மாடி வீடு. கீழே உள்ள ஃபைபர் மோடத்தின் ஐபி 192.168.1.1. அது 2 முதல் 254 வரை எல்லா முகவரியையும் தானே பங்கிடுகிறது. அட்மின் பாஸ்வேர்டு தரமாட்டார்கள் என்பதால் அந்த வரம்பைக் குறைக்க முடியாது.

மாடி ரவுட்டரில் DHCP-ஐ நிறுத்தி, கேபிளை WAN-இல் செருகாமல் LAN போர்ட்டில் செருகியாயிற்று. அதற்கு 192.168.1.254 வைத்தால், அதே எண்ணை மோடம் ஏதாவது போனுக்குக் கொடுத்துவிடலாம். அப்போது அந்தப் போனில் மட்டும் நெட் விட்டுவிட்டு வரும்.

192.168.2.1 வைத்தால் மோதல் இல்லை. போன்களுக்கு மோடமே முகவரி தரும். செட்டிங்ஸ் திறக்க மட்டும் லேப்டாப்பில் 192.168.2.10, மாஸ்க் 255.255.255.0 என்று கையால் போட வேண்டும். ஆனால் ரவுட்டருக்கே நெட் கிடைக்காது; கடிகாரம், ஃபர்ம்வேர் அப்டேட் நின்றுவிடும்.

இரண்டையும் சமாளிக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.