பழைய வாட்ச் விற்பனைக் குறிப்பில் தண்ணீர் தாங்கும் அளவை எப்படி எழுதுவது?
சீக்கோ 5, SNK809 ஒன்றை விற்கக் குறிப்பு எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

"ஆட்டோமேட்டிக், 7S26 மெஷின். பேட்டரி கிடையாது. கையால் சாவி கொடுக்க முடியாது, கட்டியிருந்தால் தானே ஏறும். கேஸ் கிரவுன் இல்லாமல் 37 மி.மீ. ஸ்ட்ராப் அகலம் 18 மி.மீ., லக்குகளுக்கு இடையே உட்புறம் அளந்தது."

இடிப்பது தண்ணீர் தாங்கும் அளவுதான். 30 மீட்டர் என்றதும் முங்கலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். அது அசையாத நீரில் 3 பார் அழுத்தத்துக்கான அளவு, அதுவும் வாட்ச் புதிதாக இருந்தபோது. நடைமுறையில் கை கழுவும்போது தெறிப்பதைத் தாங்கும். நீச்சல், வெந்நீர்க் குளியல் கூடாது. இதில் பின்மூடி திறந்தாகிவிட்டது, ரப்பர் வளையமும் பழசு.

"கம்பெனி அளவு 30 மீ., இப்போது சோதிக்கவில்லை, தண்ணீர் படாமல் கட்டவும்" என்று போட்டால் போதுமா? அல்லது வளையம் மாற்றி, பிரஷர் டெஸ்ட் எடுத்த பிறகே விற்கிறீர்களா?