சிக்குக் கோலத்தில் வெட்டாமல் திரும்பும் இடம்: சொல் வேண்டும்

ஆசிரியை, சுங்கை சிப்புட்:
வணக்கம். ஐந்தாம் ஆண்டுக் கணிதப் பயிற்சித்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தோட்டத்து வீட்டு வாசலில் அரிசி மாவால் போட்ட சிக்குக் கோலம் ஒன்றைப் படம் பிடித்திருக்கிறேன். மூன்றுக்கு மூன்று நேர்ப்புள்ளி, ஒரே கம்பி. எட்டு இடங்களில் கம்பி தன்னையே வெட்டிப் போகிறது. நான்கு இடங்களில் நெருங்கி வந்து வெட்டாமல் திரும்பிவிடுகிறது. அந்தத் திரும்பலுக்குப் பெயர் என்ன?

வாசகர், கூலிம்:
ஒற்றைப்படைப் புள்ளி வைத்தாலே ஒரே கம்பிதான் வரும். தனிச் சொல் எதற்கு?

பொறியாளர், ஈப்போ:
அப்படி இல்லை, ஐயா. எங்கும் வெட்டவிட்டால், நிரைகளின் எண்ணிக்கைக்கும் நிரல்களின் எண்ணிக்கைக்கும் உள்ள மிகப் பெரிய பொது வகுத்திதான் கம்பிகளின் எண்ணிக்கை. மூன்றுக்கு நான்கு என்றால் ஒன்று. மூன்றுக்கு மூன்று என்றால் மூன்று: மூலைவிட்டங்களில் இரண்டு நீள வளையம், நடுவில் ஒரு சாய்சதுரம்.

இரு வேறு கம்பிகள் வெட்டும் இடத்தில் திருப்பிவிட்டால் அவை ஒன்றாகிவிடும். ஆக இரண்டு திருப்பல் போதும். ஆனால் கால் சுற்று சுற்றினால் கோலம் அதேபோல் இருக்காது. அதனால்தான் உங்கள் கோலத்தில் நான்கு. ஒவ்வொரு மூலைப் புள்ளிக்கும் வலச்சுற்றில் அடுத்த புள்ளிக்கும் நடுவே, சுவர் வைத்தாற்போல் கம்பி திரும்பும். இப்போது சுற்றினால் பொருந்தும், மடித்தால் பொருந்தாது.

ஒரே கம்பி தன்னை வெட்டும் இடத்தில் தவறான பக்கம் திருப்பினால் இரண்டாக அறுந்துவிடும். விரலால் தடவி வாருங்கள். வெட்டும் இடம் ஒவ்வொன்றையும் இருமுறை தொடாமல் தொடங்கிய இடத்துக்கு வந்துவிட்டால், இன்னொரு கம்பி ஒளிந்திருக்கிறது.

தமிழாசிரியர், தைப்பிங்:
'மறிவு' என்க. மறிதல் என்றால் திரும்புதல். மறிதிரை என்று அலையைச் சொன்னார்களே, கரை வரை வந்து திரும்புவதால். மான்குட்டிக்கும் மறி என்று பெயர். துள்ளித் திரும்பும் குட்டி என்பதால் வந்ததோ என்று எனக்கு நெடுநாள் எண்ணம்.

ஆசிரியை:
ஐயா, சொல் அழகுதான். ஆனால் என் பிள்ளைகளுக்கு மறியல்தான் நினைவுக்கு வரும். வாசலில் கோலம் போட்ட அக்காவைக் கேட்டேன். "இங்க வெட்டாம மடக்கிடணும்" என்றார்.

அம்மா ஒருவர், சித்தியவான்:
எங்கள் வீட்டில் அரிசி மாவை எறும்பு தின்றுவிடுகிறது. கல்மாவு கலக்கலாமா?

தமிழாசிரியர்:
மடக்கு என்பது ஓர் அணியின் பெயர். மடக்கை என்பது மேல்வகுப்புக் கணிதத்தில் வேறு. நாளை இதே பிள்ளைகள் குழம்புவார்கள்.

பொறியாளர்:
ஐந்தாம் ஆண்டில் மடக்கை இல்லை, ஐயா. போட்டவர் வாயில் இருக்கும் சொல்லை விட்டுவிட வேண்டாம்.

ஆசிரியை:
சரி, 'மடக்கு' என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். வெட்டும் இடத்துக்கு 'வெட்டு' மட்டும் போதும். வெட்டுப்புள்ளி என்றால் மாவுப் புள்ளியோடு குழப்பிக்கொள்கிறார்கள். அம்மா, கல்மாவு கலக்கலாம், எறும்புக்குத்தான் ஏமாற்றம்.

தமிழாசிரியர்:
அச்சிடுங்கள். நான் மறிவு என்றே எழுதுவேன்.